பழைய சோறு: எப்போது நீர் ஊற்றுவது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது, எப்படிப் பரிமாறுவது

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், உணவு முறையை நாங்கள் விளக்கி முடித்ததும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “காலையில் பழைய சோறு கொடுக்கலாமா, டாக்டர்?” பல ஆண்டுகளாகக் காலை உணவாக அதையே உண்டு பழகிய முதியவர்களுக்கு இட்லியும் ரொட்டியும் மனத்திற்கு ஒட்டுவதில்லை. ஆகவே இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒற்றைச் சொல்லில் விடையளிப்பது போதாது. உண்பவர் யார், வடித்த சோற்றில் எத்தனை மணிக்கு நீர் ஊற்றப்பட்டது, எத்தனை மணிக்கு அது தட்டிற்கு வருகிறது என்னும் மூன்றையும் கேட்டறிந்த பிறகே நாங்கள் விடை கூறுகிறோம்.

இம்மூன்றில் இரண்டாவதைத்தான் பெரும்பாலான வீடுகளில் எவரும் கவனிப்பதில்லை. ‘இரவு முழுவதும் வெளியில் இருந்த சோறு ஆயிற்றே’ என்று ஊறும் நேரத்தைப் பற்றி அஞ்சுகிறார்கள். உண்மையில் முறையாக நீரில் ஊறும் இரவைக் காட்டிலும், அடுப்பிலிருந்து இறங்கிய சோறு நீருக்குள் போவதற்கு முன் கழியும் நேரமே மிகுதியும் ஆபத்தானது. அது ஏன் என்பதையும், அந்த நேரத்தை எவ்வாறு சுருக்குவது என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இரவில் பானைக்குள் நடப்பது

ஆறிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால், நீரிலும் பாத்திரத்திலும் காற்றிலும் இயல்பாக உள்ள சில நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. அவற்றுள் நமக்கு உதவுபவை, தயிரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை. அவை சோற்றிலிருந்து கரையும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் உண்டு, லாக்டிக் அமிலம் என்னும் புளிப்பை உண்டாக்குகின்றன. நீராகாரத்தின் இளம்புளிப்புச் சுவை இவ்வமிலத்தால் வருவதே. அந்தப் புளிப்பு ஓரளவை எட்டிய பின், நோய் உண்டாக்கும் பெரும்பாலான கிருமிகளால் அந்த நீரில் பெருக இயலாது. பழைய சோற்றிற்குப் பாதுகாப்பு அளிப்பது இந்தப் புளிப்புதான்.

ஆயினும் இப்பாதுகாப்பு நீர் ஊற்றிய உடனே கிடைத்துவிடுவதில்லை. முதல் சில மணி நேரம் நீரில் புளிப்பு ஏறியிருக்காது. அந்த இடைவேளையில் நல்ல நுண்ணுயிர்களும் தீய நுண்ணுயிர்களும் அருகருகே பெருகுகின்றன. தொடக்கத்தில் தீயவை குறைவாக இருந்தால், புளிப்பு ஏறியதும் அவை அடங்கிவிடும். தொடக்கத்திலேயே அவை பெருகியிருந்தால், பிறகு வரும் புளிப்பு காலங்கடந்து வந்த காவலாகவே இருக்கும்.

கொதிநீரிலும் அழியாத வித்து

‘நன்றாகக் கொதித்து வெந்த சோற்றில் கிருமி எங்கிருந்து வரும்?’ என்று பலரும் கேட்கிறார்கள். மண்ணிலும் தூசியிலும் அரிசியிலும் பரவலாகக் காணப்படும் கிருமி ஒன்றுண்டு. அதன் பெயர் பாசிலஸ் சீரியஸ். இக்கிருமி தனக்குச் சாதகமற்ற சூழலில் தடித்த ஓடுடைய வித்தாக மாறி உறங்கும் இயல்புடையது. சாதாரணக் கிருமிகள் கொதிநீரில் அழிந்துவிடும். இந்த வித்துகளுள் சில சோறு வேகும் சூட்டையும் தாங்கி எஞ்சிவிடும். சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும் அவை முளைக்கத் தொடங்குகின்றன. அப்போது போட்டியிட வேறு கிருமிகளும் இல்லை, தடுக்கப் புளிப்பும் இல்லை. ஈரமும் மாவுப்பொருளும் இளஞ்சூடும் சேர்ந்த அந்தச் சோறு, அதற்கு மிகவும் ஏற்ற விளைநிலமாகிவிடுகிறது.

இக்கிருமியின் ஒரு வகை, சோற்றில் பெருகும்போதே வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சுப்பொருளைச் சுரந்து வைக்கிறது. அந்த நச்சைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, அது சூட்டிற்கு அழிவதில்லை. சோற்றை மறுபடியும் கொதிக்க வைத்தால் கிருமி குறையுமேயன்றி நச்சு நீங்காது. புளிப்பிற்கும் அது அழிவதில்லை; எனவே நீர் ஊற்றுமுன் உருவான நச்சை இரவுப் புளிப்பு முறிக்க இயலாது. இரண்டாவது, அதற்கு மணமோ நிறமோ சுவையோ கிடையாது. கெட்ட வாடை வீசினால் கொட்டிவிடலாம் என்று மூக்கை நம்பி இருப்பவர்களுக்கு இந்த நச்சு புலப்படாது. ஆகவே, நேரக் கணக்கு ஒன்றே இதில் நம்பத்தக்க அளவுகோல்.

ஒரு வீட்டின் நேரக் கணக்கு

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் பலமுறை கேட்ட வரலாறுகளின் சாரத்தை ஒரு வீட்டின் கதையாக இங்கே தருகிறோம். அறுபது வயதைக் கடந்த, நீரிழிவு உள்ள ஒரு தாய். அவருடன் மகனும் மருமகளும். பகல் 11.30 மணிக்குச் சோறு வடித்தாகிவிட்டது. 1.30 மணிக்கு அனைவரும் உண்டு முடித்தார்கள். எஞ்சிய சோறு, வடித்த அதே பானையில், மூடியபடியே சமையல் மேடையில் இருந்தது. இரவு அனைவரும் தோசை உண்டதால் சோற்றை எவரும் தொடவில்லை. இரவு 9.30 மணிக்குப் பாத்திரங்களை ஒழுங்குசெய்யும்போது, சோற்றை வீணாக்க வேண்டாம் என்று அதில் நீர் ஊற்றி வைத்தார் மருமகள். காலை 7 மணிக்குத் தாயும் மகனும் அதை மோர் விட்டுக் கரைத்து உண்டார்கள். மருமகளுக்கு இட்லி. பத்து மணிக்குத் தாய்க்கும் மகனுக்கும் குமட்டல் தொடங்கியது, அடுத்தடுத்து வாந்தி. மருமகளுக்கு ஒன்றும் இல்லை.

“அப்படியொன்றும் நெடுநேரம் ஊறவில்லையே, ஒன்பதரை மணி நேரந்தானே?” என்று வீட்டார் கேட்பார்கள். ஊறிய நேரம் ஒன்பதரை மணி என்பது சரியே. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 11.30 மணி முதல் 9.30 மணி வரை, பத்து மணி நேரம் அந்தச் சோறு நீரின்றி, புளிப்பின்றி, மூடிய பானையில் இளஞ்சூட்டில் இருந்திருக்கிறது. பானை நிறைந்த சோறு மேலே ஆறினாலும் நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருகியதும் நச்சு உருவானதும் அந்தப் பகற்பொழுதில்தான். உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தி வருவதும், அதே சோற்றை உண்டவர்களுக்கு மட்டும் வருவதும் இந்த நச்சின் அடையாளங்கள். இதே கிருமியின் வேறொரு வகை குடலுக்குள் சென்று பெருகி, ஏறத்தாழ 6 முதல் 15 மணி நேரம் கழித்து வயிற்றுவலியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

மகனைப் போன்ற உடல்நலம் உள்ளவருக்கு இது பெரும்பாலும் ஒரு நாளில் தானே அடங்கிவிடும். தாயின் நிலை வேறு. காலையில் நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்ட பின் உண்டதெல்லாம் வாந்தியாகிவிட்டால், இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழக்கூடும். நீரிழப்பால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வீட்டில் ஒருவருக்குச் சிறு தொல்லையாக முடிவது, நோயாளிக்கு மருத்துவமனை அனுமதியாக முடிகிறது.

இதே வீட்டில் மாற்ற வேண்டியது மிகச் சிறிதே. மாலை 7.30 மணிக்குச் சோறு வடித்து, அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து, 8.30 மணிக்கு நீர் ஊற்றினால், காலை 6.30 மணிக்குப் பத்து மணி நேரம் ஊறியிருக்கும். நீரின்றிச் சோறு இருந்தது ஒரு மணி நேரம் மட்டுமே. பகல் சோற்றையே பயன்படுத்த விரும்பினால், மறுநாளுக்கு வேண்டிய பங்கை மற்றவர்கள் உண்ணத் தொடங்குவதற்கு முன்பே தனியே எடுத்து, ஆறவைத்து, ஒரு மணிக்குள் குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்துவிட வேண்டும். இரவு 9 மணிக்கு அதை வெளியே எடுத்த உடனே நீர் ஊற்றலாம். ஆயினும் நோயாளிக்கென்று செய்யும்போது, இரவு புதிதாக வடித்த சோறே எங்கள் பரிந்துரை.

செய்முறை

இருவருக்கு 150 கிராம் புழுங்கல் அரிசி போதும். பச்சரிசியிலும் செய்யலாம், ஆனால் அது விரைவில் குழைந்து கூழாகிவிடும். புழுங்கல் அரிசிச் சோறு இரவெல்லாம் ஊறினாலும் பருக்கை உடையாமல் நிற்கும். அரிசியை மூன்று முறை களைந்து, நிறைய நீர்விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுங்கள். குக்கரில் செய்தால் குழையாத பதத்தில் இறக்குங்கள்.

வடித்த சோற்றைப் பானையிலேயே விட்டுவிடாமல், கழுவித் துடைத்த அகன்ற தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு மேற்படாமல் பரப்புங்கள். அந்தத் தட்டை, குளிர்ந்த நீர் உள்ள பெரிய பாத்திரத்தின்மேல் அடிப்பகுதி மட்டும் நீரில் படுமாறு வைத்தால் இன்னும் விரைவாக ஆறும். ஈ மொய்க்காதபடி வலைமூடி கவிழ்த்துவையுங்கள். மூடியைக் கொண்டு அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கிச் சூடு தணியாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சோறு முழுவதும் ஆறிவிடும். எந்த நிலையிலும், அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் அது நீருக்குள்ளோ குளிர்பதனப் பெட்டிக்குள்ளோ சென்றுவிட வேண்டும். ‘ஹாட்பேக்’ எனப்படும் சூடுகாக்கும் பாத்திரத்தில் வைத்திருந்த சோற்றைப் பழையதாக்குவதைத் தவிர்த்துவிடுங்கள். ஆவி பறக்கும் சூடு தணிந்த பிறகு, கிருமிக்கு ஏற்ற இளஞ்சூட்டை அது வெகுநேரம் காத்துவைக்கும்.

நீர் ஊற்றுவதற்கு, முன்கூட்டியே கொதிக்க வைத்து ஆறவைத்த நீரையே பயன்படுத்துங்கள். குழாய் நீரை அப்படியே ஊற்றினால் இரண்டு குறைகள் உண்டு. அதில் கழிவுநீர் கலந்திருந்தால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் சோற்றுக்குள் புகும். அதில் குளோரின் மிகுந்திருந்தால் புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். நீர் சூடாக இருக்கக் கூடாது. சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றி, அடியில் கட்டிகள் இல்லாமல் சுத்தமான கரண்டியால் உதிர்த்துவிடுங்கள். நீருக்கு வெளியே துருத்தி நிற்கும் சோற்றில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மேற்சொன்ன அளவு சோற்றிற்கு முக்கால் லிட்டர் நீர் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

இத்துடன் இரண்டு தேக்கரண்டி புதிய மோரைக் கலக்குமாறு நாங்கள் அறிவுறுத்துகிறோம். சில வீடுகளில் முதல் நாள் நீராகாரத்தில் சிறிது எடுத்துவைத்து மறுநாள் பானையில் சேர்ப்பார்கள். இரண்டின் பயனும் ஒன்றே: புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தொடக்கத்திலேயே மிகுதியாக இருப்பதால், புளிப்பு விரைவில் ஏறும், முன்பு கூறிய பாதுகாப்பற்ற இடைவேளை சுருங்கும். நீராகாரத்தின் தரம் நாளுக்கு நாள் மாறக்கூடும் என்பதால், நோயாளி உண்ணும் வீட்டில் மோரே மேல்.

பாத்திரம் மண்பானையாகவோ எவர்சில்வராகவோ பீங்கானாகவோ இருக்கலாம். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் ஆகா. புளிப்பு அவற்றை அரித்து, உலோகம் உணவில் கலக்கும். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் அதே துளைகளில் பழைய அழுக்கும் தங்கும். நாள்தோறும் கழுவி, கொதிநீர் ஊற்றி அலசி, வெயிலில் முற்றும் காயவைக்க இயலுமானால் மட்டும் மண்பானையைப் பயன்படுத்துங்கள். இல்லாவிடில் எவர்சில்வரே பாதுகாப்பானது. பானையின் வாயைச் சுத்தமான வெள்ளைத் துணியால் வேடு கட்டி, அடுப்பின் சூடு படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

எத்தனை மணி நேரம்?

தமிழ்நாட்டின் சமவெளியில் பெரும்பாலான இரவுகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதுமானது. சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரத்திலேயே புளிப்பு ஏறிவிடும். மார்கழி, தை மாதங்களில் 12 மணி நேரம் வரை விடலாம். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் இரவெல்லாம் வைத்தாலும் புளிப்பு சரியாக ஏறாது. அங்கே நேரத்தை நீட்டிக்கொண்டே போவதைவிட, மோரைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து, பானையைச் சமையலறையின் வெப்பமான மூலையில் வைப்பதே முறை. எந்த ஊரிலும் 12 மணி நேரமே எல்லை.

எல்லை ஏன் என்றால், புளிப்பு ஏறிய பின்னும் பானை ஓய்ந்திருப்பதில்லை. புளிப்பைத் தாங்கக்கூடிய ஈஸ்ட்டும் பூஞ்சையும் அடுத்ததாகத் தலையெடுக்கின்றன. ஈஸ்ட் பெருகினால் கள்ளின் வாடை வரும். மேற்பரப்பில் படரும் பூஞ்சை அமிலத்தையே உணவாகக் கொள்வதால், காவலாக இருந்த புளிப்பு குறைந்து, மறுபடியும் கிருமிகளுக்கு வழி திறக்கிறது.

சரியாக ஊறிய சோற்றின் நீர் இலேசாகக் கலங்கி வெண்மையாக இருக்கும். கிளறினால் சிறு குமிழிகள் எழலாம். மோரை ஒத்த இளம்புளிப்பு மணம் வரும். பருக்கைகள் மென்மையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும். கரண்டியைத் தூக்கும்போது நூல் போல இழுபட்டாலோ, தொட்டால் வழவழத்தாலோ, மேலே ஏடு படர்ந்திருந்தாலோ, இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்புப் புள்ளிகள் தென்பட்டாலோ, கள் வாடையோ அழுகல் வாடையோ வந்தாலோ, பானை முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு அடிப்பகுதியை உண்பது கூடாது. பத்து மணி நேரம் ஆன பின்னும் புளிப்பே தெரியாமல் வெறும் நீராக இருந்தால், அதையும் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். அங்கே காவல் உருவாகவில்லை என்பது பொருள்.

சிலர் நீர் ஊற்றிய சோற்றை இரவெல்லாம் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அங்கே கிருமியும் பெருகாது, புளிப்பும் ஏறாது. அது குளிர்ந்த நீர்ச்சோறு மட்டுமே. விரைவாக ஆறவைத்த சோறாயின் உண்ணலாம். ஆனால் காலையில் எடுத்த உடனே உண்டுவிட வேண்டும்.

பரிமாறும் முறை

பானைக்குள் கைவிட்டுச் சோற்றைப் பிழிந்தெடுப்பது பல வீடுகளின் வழக்கம். கைவிரல்களிலும் நகக்கண்களிலும் உள்ள கிருமிகள் அப்போது பானை முழுவதற்கும் பரவுகின்றன. பழைய சோற்றைப் பிறகு எவரும் சுட வைப்பதில்லை என்பதால், கடைசியாகச் சேரும் கிருமி அப்படியே வயிற்றுக்குள் செல்லும். ஆகவே, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், உலர்ந்த கரண்டியால் தேவையான அளவைக் கிண்ணத்தில் எடுத்து, அங்கே பிசைந்துகொள்ளுங்கள்.

மோரும் உப்பும் உண்ணும் வேளையில்தான் சேர வேண்டும். சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கொதித்து ஆறிய நீரில் கழுவி, அப்போதே நறுக்குங்கள். இரவே நறுக்கிப் பானையில் போட்டு வைப்பது தோலில் ஒட்டிய மண்ணையும் கிருமியையும் சேர்த்து ஊறவைப்பதாகும். வயிற்றுப்புண் உள்ளவர்களும் அண்மையில் குடல் அறுவை செய்துகொண்டவர்களும் பச்சை மிளகாயையும் பச்சை வெங்காயத்தையும் தவிர்ப்பது நல்லது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் சோற்றில் இடும் உப்பை மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றில் அதைவிடப் பல மடங்கு உப்பு இருக்கிறது. அவற்றிற்குப் பதிலாக, எண்ணெய் குறைத்துப் புதிதாக வதக்கிய காய்கறியையோ துவையலையோ வைத்துக்கொள்ளலாம்.

வேடு அவிழ்த்த ஒரு மணி நேரத்திற்குள் உண்டு முடியுங்கள். நீராகாரத்தையும் அப்போதே பருகிவிடுங்கள். மிஞ்சியதை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உடல்நலம் உள்ளவர்கள் அன்று பகலுக்குள் உண்ணலாம். நோயாளிக்கு மறுமுறை வேண்டாம். மிஞ்சிய சோற்றில் மேலும் நீர் ஊற்றி இரண்டாவது இரவிற்குத் தொடர்வது கூடவே கூடாது. தூக்குவாளியில் பேருந்தில் கொண்டுவந்து வார்டில் கொடுப்பதற்கும் இது ஏற்ற உணவன்று. வழியில் கழியும் வெப்பமான இரண்டு மூன்று மணி நேரம், வீட்டில் காத்த ஒழுங்கைக் கெடுத்துவிடும்.

யாருக்கு வேண்டாம்?

உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு, எவ்வளவு தூய்மையாகச் செய்தாலும் பழைய சோறு கொடுக்க வேண்டாம். புற்றுநோய்க்கு ஊசி மருந்துச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளையோ அதிக அளவில் ஸ்டீராய்டையோ உட்கொள்பவர்கள், கல்லீரல் சுருக்க நோய் முற்றியவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். வீட்டில் புளிக்கும் உணவில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறது என்பதை எவராலும் உறுதிசெய்ய இயலாது. பிறருக்குத் தீங்கு செய்யாத நுண்ணுயிர்கூட இவர்களின் இரத்தத்தில் புகுந்து தொல்லை தரக்கூடும். ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது வேண்டாம். இவர்கள் அனைவருக்கும் அப்போதே காய்ச்சிய சூடான அரிசிக் கஞ்சி ஏற்றது.

சிறுநீரக நோயாலோ இதயத் தளர்ச்சியாலோ குடிக்கும் நீரின் அளவை வரையறுத்துக் கொடுக்கப்பட்டவர்கள், நீராகாரத்தையும் மோரையும் அந்த அளவிற்குள்ளேயே கணக்கிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு சொல். ஆறிய சோற்றில் மாவுப்பொருளின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்திற்கு மாறுவது உண்மையே. அதனால் பழைய சோறு சர்க்கரையை ஏற்றாது என்று பொருளாகாது. சூடான சோற்றிற்கு உங்களுக்குக் கூறப்பட்ட அளவே இதற்கும் உரியது.

பழைய சோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு பெருகிவிடும் என்னும் செய்தியைக் காட்டி, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கூறுபவர்களையும் சந்திக்கிறோம். நுண்ணுயிர்களால் இரும்பை உருவாக்க இயலாது. அரிசியில் இரும்பைப் பற்றிவைத்திருக்கும் பொருள் புளிக்கும்போது சிதைவதால், ஏற்கெனவே உள்ள இரும்பைக் குடல் சற்று எளிதாக ஈர்த்துக்கொள்ளும். அரிசியில் உள்ள இரும்போ மிகக் குறைவு. இரத்தசோகைக்குத் தரப்பட்ட மாத்திரையின் இடத்தைப் பழைய சோறு நிரப்பாது.

உண்ட பின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால்

முதலில் நீரிழப்பைத் தடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறதோ, அதே அளவு கொதித்து ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஒரே மூச்சில் குடிக்காமல், சிறிது சிறிதாக அடிக்கடி பருகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சோற்று நச்சால் வரும் வாந்திக்கு நுண்ணுயிர்க்கொல்லியால் பயனில்லை.

குடித்தது எதுவும் வயிற்றில் நிற்காதிருத்தல், ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை, மலத்தில் இரத்தம், காய்ச்சல், மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவிற்கு அழைத்து வாருங்கள். நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும், சிறுநீரக, இதய நோயாளிகளும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல், முதல் சில வாந்திகளிலேயே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். என்ன உண்டார், எத்தனை மணிக்கு உண்டார், அந்தச் சோறு எத்தனை மணிக்கு வடிக்கப்பட்டது, எத்தனை மணிக்கு அதில் நீர் ஊற்றப்பட்டது ஆகிய நான்கையும் எங்களிடம் தெரிவித்தால், காரணத்தை விரைவில் கண்டறிய அது பெரிதும் துணைபுரியும்.

இந்த நேரங்களை நினைவில் வைத்திருப்பது எளிதன்று. சோறு இறக்கிய மணியையும் நீர் ஊற்றிய மணியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பானையின் அருகில் வைத்துவிடுங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் கழிந்திருந்தால், அந்தச் சோறு எவ்வளவு நன்றாக மணந்தாலும் நோயாளியின் தட்டிற்குப் போக வேண்டாம்.